அது மண்ணா, காகிதமா?

பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் நான் கிடையாது. என் மருமகள்தான் இருக்கிறாள். வீட்டுப்பாடம், சீருடை, பஸ் தாமதம் என்று நாள் முழுக்க ஏதாவது வந்துகொண்டிருக்கும். ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் போனை என்னிடம் நீட்டினாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. பாவம், பயந்து போய்க் கேட்டிருக்காங்க."

முதல் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா ஒரு படம் போட்டிருந்தார். பால்கனியின் மேல் கூரையில், சுவர் சேரும் மூலையில், சாம்பலும் பழுப்புமாக ஒரு கட்டி. கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இது என்ன பூச்சிக் கூடுன்னு யாருக்காவது தெரியுமா? பையன் அங்கதான் விளையாடுவான்."

கேள்வி ஒன்றுதான். ஆனால் அடுத்த இருபது நிமிடத்தில் வந்த பதில்களில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்கான பதில் இல்லை. ஒருவர் கதண்டு என்றார், உடனே கொளுத்தச் சொன்னார். ஒருவர் கம்பு நுனியில் துணி சுற்றி மண்ணெண்ணெய் விடச் சொன்னார். கரப்பான் மருந்து அடியுங்கள் என்று ஒருவர். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள் என்று ஒருவர். எங்கோ கதண்டு கொட்டி இறந்துபோனவர் பற்றிய பழைய செய்தியை ஒருவர் எடுத்துப் போட்டார். அந்த அம்மா இன்னும் பயந்து, பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டதாக எழுதினார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது என்ன?" என்று கேட்டவருக்கு "எப்படி அழிப்பது" என்று பதில் சொல்வது உதவி ஆகாது. கூட்டைக் கட்டியது யார் என்று தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் இரண்டு விதத்தில் கெடுதல். சாதுவான பூச்சிக்காக வீட்டுக்குள் தீயைக் கொண்டு வரும், அல்லது உண்மையிலேயே ஆபத்தான பூச்சியின் அருகே ஒரு ஆளைக் கம்போடு அனுப்பி வைக்கும். வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் பூச்சி எண்ணி வயிறு வளர்த்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கூரையில் தொங்கும் கூட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எதனால் ஆனது என்பது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மண், காகிதம், மெழுகு. மெழுகு என்றால் தேனீ, அதை எல்லோருக்கும் தெரியும். குழப்பம் முழுக்க மண்ணுக்கும் காகிதத்துக்கும் நடுவில்தான். இரண்டையும் கட்டுவது குளவிதான். ஆனால் மண்ணில் கட்டுகிற குளவி தனியாள், காகிதத்தில் கட்டுகிற குளவி கூட்டுக் குடும்பம். நமக்கு வரக்கூடிய ஆபத்து இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

படத்தை வைத்து மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருமகளை விட்டு மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கால் மணி நேரம் பாருங்கள், எத்தனை பூச்சிகள் வந்து போகின்றன? அந்தக் கட்டி ஒரே உருண்டையா, குழாய் குழாயாக அடுக்கியதா? அதில் ஓட்டை இருக்கிறதா, இருந்தால் எத்தனை, விளிம்பு எப்படி இருக்கிறது?

அந்த அம்மா பொறுமையாகப் பார்த்து எழுதினார். ஒரே ஒரு பூச்சிதான் வருகிறது. கறுப்பு உடம்பு, காலில் மஞ்சள், இடுப்பு நூல் மாதிரி. சுண்டுவிரல் நீளத்தில் நான்கு குழாய்கள் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கின்றன. மூன்று மூடியிருக்கின்றன, ஒன்றின் வாய் மட்டும் வட்டமாக, வழுவழுப்பாகத் திறந்திருக்கிறது. பூச்சி வந்து உட்காரும்போது "ஙீ" என்று ஒரு சத்தம் வருகிறது.

இதற்கு மேல் சந்தேகம் இல்லை. அது மண் குளவி. அறிவியல் பெயர் சீலிஃப்ரான் மதராஸ்படானம். பெயரைக் கேட்டால் நம் ஊர் வாசனை வரும். மதராசபட்டினம்தான் அது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் 1781இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். நம் பட்டினத்தின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற பூச்சியை நாம் "என்னவோ பூச்சி" என்கிறோம். பழைய தமிழில் இந்த மாதிரிக் குளவிக்கு வேட்டுவன் என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் இதன் தொழிலையே சொல்கிறது.

அந்தத் தொழில் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்தால் பயம் தானாகப் போய்விடும்.

கட்டுவது பெண் குளவி மட்டும். ஈரமான வண்டல் கிடைக்கும் இடமாகப் பார்த்து, வாயால் பட்டாணி அளவுக்கும் சின்னதாக உருட்டி எடுத்து வருகிறாள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் திறந்து விடப்பட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயல் நனைகிறது. மார்க்கையன்கோட்டை வாய்க்கால் கரை முழுக்க அவளுக்குக் கட்டுமானப் பொருள்தான். ஒரு அறை கட்ட ஏறக்குறைய இருபது முப்பது நடை நடக்க வேண்டும். மண்ணைத் தடவும்போது உடம்பை அதிரவிட்டு அதை இளக்கிப் பரப்புகிறாள். அந்த அம்மா கேட்ட "ஙீ" சத்தம் கொட்ட வருகிற கோபம் இல்லை, கொத்தனார் கரண்டி போடும் சத்தம்.

அறை காய்ந்ததும் வேட்டை. இவள் பிடிப்பது சிலந்திகளை மட்டும். செடியிலும் சுவர் மூலையிலும் தேடி, கொடுக்கால் ஒரு குத்து. அந்த விஷம் சிலந்தியைக் கொல்வதில்லை, அசைய முடியாமல் மட்டும் செய்கிறது. செத்தால் நம் வெயிலில் இரண்டே நாளில் அழுகிவிடும். உயிரோடு கிடந்தால் நாள்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாமல் கறி வைக்கிற வித்தை. ஒரு அறைக்குப் பத்துப் பதினைந்து சிலந்திகளைத் திணிக்கிறாள், பெரிய சிலந்தியாக இருந்தால் குறையும். பெரும்பாலும் முதலில் வைத்த சிலந்தியின் வயிற்றின் மேல் ஒரே ஒரு முட்டையை ஒட்டுகிறாள். அறை நிறைந்ததும் மண்ணால் மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறாள். அந்த அம்மா பார்த்த மூன்று மூடிய குழாய்கள் முடிந்த அறைகள். திறந்த வாய் இன்னும் சிலந்தி வந்துகொண்டிருக்கிற அறை.

முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து புழுவாகும். புழு பக்கத்தில் கிடக்கும் சிலந்திகளை ஒவ்வொன்றாகத் தின்று வளர்ந்து, பழுப்பு நிறத்தில் மெல்லிய உறையைச் சுற்றிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். நம் ஊர்ச் சூட்டில் மூடிய நாளிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் புதிய குளவி மண்ணைக் கடித்துத் துளைத்து வெளியே வரும். தாய் இதையெல்லாம் பார்க்கக் காத்திருப்பதில்லை. கடைசி அறையை மூடி, மேலே இன்னும் கொஞ்சம் மண் பூசிவிட்டுப் போய்விடுவாள். திரும்ப வருவதும் இல்லை, காவல் காப்பதும் இல்லை.

நமக்கு வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு கதண்டுக் கூட்டில் நூற்றுக்கணக்கான வேலைக்காரக் குளவிகள் இருக்கும். அவை பெரும்பாலும் முட்டையிடாதவை. பத்து செத்தாலும் கூடு நடக்கும். அதனால் அவற்றால் கூட்டுக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட முடிகிறது. மண் குளவிக்கு அப்படி ஆள்படை இல்லை. அவள் ஒருத்தி செத்தால் கட்டிக்கொண்டிருக்கிற அறையோடு எல்லாம் முடிந்தது. ஆகவே நீங்கள் கிட்டே போனால் அவள் சண்டைக்கு வராமல் பறந்து போய்விடுவாள். அவளுடைய கொடுக்கு வேட்டைக் கருவி, காவல் ஆயுதம் அல்ல. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டுவாள். கூட்டுக்குக் கீழே பையன் பந்து விளையாடினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

இந்த இடத்தில் நம் பெரியவர்கள் சொன்ன ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள். புழுவைக் கொண்டுவந்து மண் கூட்டில் வைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் அந்தப் புழுவே குளவியாகி வெளியே வரும் என்று நம்பினார்கள். குருவுக்கும் சீடனுக்கும் உவமையாகச் சொல்வார்கள். நடப்பது அது அல்ல. உள்ளே போனது மாறவில்லை, தீனியானது. மேலே ஒட்டிய முட்டைதான் குளவியானது. ஆனால் அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கொட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள், கொண்டு போய் வைப்பதைப் பார்த்திருக்கிறார்கள், மூடிய கூட்டிலிருந்து குளவி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டை ஒன்றைத்தான் தவறவிட்டார்கள். அவ்வளவு தூரமாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களே!

இன்னொன்றும் சொல்வார்கள். வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று. அதனால் எங்கள் அம்மா காலத்தில் யாரும் மண் கூட்டில் கை வைக்க மாட்டார்கள். அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லாத நம்பிக்கைதான். ஆனால் அது ஒரு வேலை செய்தது. சாதுவான கூட்டை விட்டுவிட வேண்டும் என்பதைக் காரணம் சொல்லாமலே பழக்கிவிட்டது. இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. போனதில் வருத்தம் இல்லை. அந்த இடத்தில் வந்து உட்கார வேண்டிய அறிவு வரவில்லை, பயம் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதுதான் என் வருத்தம்.

"அப்படியானால் இது நன்மை செய்யும் பூச்சி, விட்டுவிடுங்கள்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுத மாட்டேன். நெல் வயலில் சிலந்தி உழவனின் நண்பன். புகையானையும் தத்துப்பூச்சியையும் தின்கிறது. அந்தச் சிலந்தியை மூட்டை மூட்டையாகப் பிடித்துப் போகிறவளை உழவனுக்கு நண்பி என்று சொன்னால் கணக்கு இடிக்கும். லாபம் இருந்தால்தான் ஒரு உயிரை விட்டு வைக்கலாம் என்ற வாதமே எனக்குப் பிடிக்காது. நான் சொல்வது சின்ன விஷயம். அது உங்களை ஒன்றும் செய்யாது. ஒன்றரை மாதம் பொறுத்தால் காலியாகிவிடும். பிறகு சுரண்டி எடுப்பது ஐந்து நிமிட வேலை. அதற்காகத் தீப்பந்தம் எதற்கு?

பாதியில் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் ஃபாபர் என்ற பெரியவர் இதே குளவி இனத்தின் மேல் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த கூட்டைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார். குளவி மண்ணோடு திரும்பி வந்து, கூடு இருந்த வெறும் சுவரிலேயே பூசிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை, முட்டையோடு இருந்த சிலந்தியை அறையிலிருந்து எடுத்துவிட்டார். அது மேலும் மேலும் சிலந்தி கொண்டுவந்தது, கடைசியில் காலி அறையை ஒழுங்காக மூடிவிட்டும் போனது. ஆகவே கட்டும் நாட்களில் சுரண்டினால் சுவரில் மண் கறை அதிகமாவதுதான் மிச்சம். அந்த இடம் கட்டாயம் வேண்டாம் என்றால், முதல் அறை எழும்பும்போதே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாளைக்கு அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி வையுங்கள். வேறு இடம் தேடிக்கொள்ளும்.

அந்த வீட்டில் விட்டு வைத்தார்கள். ஆகஸ்ட் பாதியில் மருமகள் புதுப் படம் காட்டினாள். நான்கு அறையில் மூன்றில் ஓட்டை. பென்சில் நுழையும் அளவுக்கு வட்டம், விளிம்பு கடித்த மாதிரி பிசிறாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான வாய் என்றால் கட்டிக்கொண்டிருக்கிற அறை. பிசிறான ஓட்டை என்றால் குளவி வெளியேறிய அறை. நான்காவது அறை மூடியே இருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டுப் பிறகு பழைய கத்தியால் நெம்பி எடுத்து உடைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே காய்ந்து போன சிலந்திகள் மட்டும், பதினொன்று. முட்டை பொரியவில்லை போலிருக்கிறது. சில நேரம் வேறு கதையும் இருக்கும். பச்சையும் நீலமுமாக மினுங்குகிற ஒரு திருட்டுக் குளவி உண்டு. அது மண் குளவியின் அறையில் தன் முட்டையை வைத்துவிடும், வீட்டுக்காரியின் பிள்ளைக்குப் பதிலாக அதன் பிள்ளை வெளியே வரும். பையன் அந்தப் பதினொரு சிலந்திகளையும் ஒரு காகிதத்தில் அடுக்கி வகுப்புக்குக் கொண்டு போனானாம்.

மண் குளவியால் கெடுதலே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது கொடுக்கால் வருவதில்லை, மண்ணால் வருகிறது. மண் குளவிகளில் சிலவற்றுக்குச் சின்னத் துளையைக் கண்டால் விட மனம் வராது. 1996 பிப்ரவரி 6ஆம் தேதி டொமினிகன் குடியரசில் புறப்பட்ட ஒரு போயிங் 757 விமானம் சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்கிற குழாய்களில் ஒன்று அடைபட்டு, விமானிக்குத் தப்பான வேகம் காட்டியிருந்தது. விமானம் பல நாள் ஓடாமல் நின்றபோது மண் குளவி அந்தக் குழாயில் கூடு கட்டியிருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. குழாய் கடலிலிருந்து கிடைக்கவில்லை, அதனால் நேரடிச் சாட்சி இல்லை. நம் வீட்டில் இதே கதை சின்ன அளவில் நடக்கும். ஏசியின் தண்ணீர் போகும் குழாய் வாய், நாள் கணக்கில் பயன்படுத்தாத பிளக் ஓட்டை, பூட்டின் சாவித் துவாரம், மூலையில் போட்டு வைத்த பழைய கேஸ் அடுப்பின் குழாய் என்று எதையும் விடாது. ஏசி திடீரென்று வீட்டுக்குள் சொட்டினால் வெளிக்குழாய் வாயைப் பாருங்கள். அதற்கு ஒரு துண்டு கொசுவலை கட்டினால் போதும். பயன்படுத்தாமல் கிடந்த கேஸ் அடுப்பை மறுபடி எடுத்தால், பற்றவைக்கும் முன் குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

இனி காகிதம். குளவிகள் பழைய மரக்கட்டை, வேலிக்கம்பு இவற்றைச் சுரண்டி எச்சிலில் குழைத்துக் காகிதம் செய்கின்றன. அதில் கட்டும் கூடுகளில் இரண்டு வகை வீடுகளில் வரும். ஒன்று, மெல்லிய காம்பில் தொங்கும், அறைகள் கீழே திறந்தபடி தெரியும் சின்னக் கூடு. அதில் மெலிந்த பழுப்புக் குளவிகள் பத்து இருபது உட்கார்ந்திருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் என்ற பேராசிரியர் இந்த மாதிரி ஒரு குளவியைத்தான் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்தார். நெருங்கினால் சிறகைத் தூக்கி எச்சரிக்கும், அதையும் மீறினால் கொட்டும். கைக்கு எட்டாத உயரம் என்றால் விட்டுவிடலாம். குழந்தையின் தலை உயரத்தில் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவதுதான் கதண்டு, தென்பக்கம் சிலர் கடந்தை என்பார்கள். இதில்தான் ஏமாறுவோம். கூடு காகிதம்தான், ஆனால் பழுப்பும் வெளுப்புமாக வரி வரியாக, பானை போல மூடியிருக்கும். தூரத்தில் மண் பானை என்றே தோன்றும். "மண்தானே, சாது" என்று நினைத்துக் கம்பெடுத்தால் தீர்ந்தது. அதனால்தான் நான் எப்போதும் நிறத்தை நம்புவதில்லை, கணக்கை நம்புகிறேன். கால் மணி நேரத்தில் ஒரே ஆள் வந்து போனால் தனிக் குளவி. ஒரே துளை வழியாகப் பல ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தால் கூட்டம். அது கையில் அடங்கும் சின்னக் கூடாக இருந்தாலும் கிட்டே போகக் கூடாது. நாளுக்கு நாள் அது பெருக்கும்.

கூட்டம் என்று தெரிந்தால் கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112 எண்ணைக் கூப்பிடுங்கள். தீயணைப்பு வீரர்கள் பாதுகாப்பு உடையோடு வந்து எடுப்பார்கள். நாமே கொளுத்துவது இரண்டு மடங்கு முட்டாள்தனம். வெளியே இருக்கிற குளவிகள் கோபத்தோடு திரும்பும், ஏணியில் நிற்கிறவர் விழுவார். பால்கனியில் துணி காயும், கேஸ் குழாயும் பக்கத்தில் இருக்கும். பலமுறை கொட்டு வாங்கியவரை, அல்லது ஒரே கொட்டிலேயே மூச்சுத் திணறல், முகம் வீக்கம், உடம்பு முழுக்கத் தடிப்பு, மயக்கம் வந்தவரை, சுண்ணாம்பு தடவி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நிறையக் கொட்டு வாங்கியவருக்கு இரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் பாதிப்பதும் உண்டு, சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ திரும்பவும் மருத்துவரைப் பாருங்கள்.

மண் என்று தெரிந்தாலும் இன்னொரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூரையில் மண் கட்டியாக இல்லாமல் கோடு மாதிரி நீளமாக ஓடினால் அது குளவி இல்லை, கரையான். அதைக் கொஞ்சம் உடைத்தால் உள்ளே வெள்ளைப் பூச்சிகள் ஓடும். அதற்குப் பொறுக்கச் சொல்ல மாட்டேன். கதவு நிலையையும் அலமாரியையும் அன்றைக்கே பாருங்கள்.

குழுவில் பதில் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லோரும் ஒரு குழந்தை கொட்டு வாங்கக் கூடாது என்றுதான் எழுதினார்கள். செய்தியில் வருகிறது கதண்டு கொட்டிய சாவு மட்டும். சாதுவாக வந்து போன மண் குளவி செய்தி ஆகாது. அதனால் எல்லாக் கூடும் கதண்டாகத் தெரிகிறது. ஆனால் அந்த அம்மா மற்றவர்களைவிட ஒரு படி மேலே நின்றார். கம்பை எடுக்கவில்லை, படம் எடுத்தார். என்ன செய்வது என்று கேட்காமல் என்ன அது என்று கேட்டார். அந்த வரிசைதான் சரி.

உங்கள் குழுவில் நாளைக்கு யாராவது இப்படிப் படம் போட்டால் தயவுசெய்து மருந்துப் பெயரை எழுதாதீர்கள். மூன்று கேள்வி திருப்பிக் கேளுங்கள்: கால் மணி நேரத்தில் எத்தனை பூச்சி? குழாய் அடுக்கா, தொங்கும் குடையா, மூடிய பானையா? ஓட்டை வழுவழுப்பா, பிசிறா? பதில் வந்துவிட்டால் பாதி நேரம் வேலையே இருக்காது. மீதிப் பாதி நேரம் 101.